ஆக்கப் பொறுத்தவர்

புதுச்சேரி போனால் கடற்கரையில் காந்தி சிலைப் பக்கம் ஒரு நண்பரைச் சந்திப்பேன். ஃபிரெஞ்சு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது பொழுதுபோகாமல் தமிழ்க் கதைகளை இங்கிலீஷில் மொழிபெயர்க்கிறார். இந்த முறை பார்த்தபோது ஒரே ஒரு வரியில் நாலு நாளாக மாட்டிக்கொண்டிருந்தார். அந்த வரியைப் பற்றித்தான் இந்த வாரம்.

கதை சின்னது. முத்தியால்பேட்டையில் ஒரு கிழவி. புருஷன் ஃபிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து செத்துப்போனவர். அவருடைய பென்ஷன் கிழவிக்கு வரவேண்டும், இரண்டு வருஷமாக ஃபைல் நகரவில்லை. ஒருநாள் கடிதம் வருகிறது: அடுத்த வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளவும். மகனுக்கு அதுவரை இருப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கே போய்க் கத்தி வாங்கிவிடுகிறேன் என்று சட்டையை மாட்டுகிறான். கிழவி முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொல்கிறாள்: ‘ஏண்டா, ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலையா?’

நண்பர் முதலில் சொல்லுக்குச் சொல் போட்டிருந்தார். ‘டு ஒன் ஹூ ஹேட் பேஷன்ஸ் ஃபார் குக்கிங், இஸ் தேர் நோ பேஷன்ஸ் ஃபார் கூலிங்?’ இதைப் படிக்கிற லண்டன்காரர், பென்ஷன் கதையில் திடீரென்று அடுப்பு எங்கிருந்து வந்தது என்று இரண்டு பக்கம் பின்னால் போய்த் தேடுவார். தப்பில்லாத மொழிபெயர்ப்பு. ஆனால் எந்தக் கிழவியும், எந்த ஊரிலும், இப்படிப் பேசமாட்டாள்.

இதற்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1874-ல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை இங்கிலீஷ் மொழிபெயர்ப்போடு புத்தகமாகப் போட்டார். அசுர உழைப்பு. அவருக்கு வேண்டியிருந்தது, தமிழ் கற்கும் வெள்ளைக்காரருக்கு ஒவ்வொரு சொல்லும் என்ன என்று காட்டுவது. அந்த வேலைக்கு நேர்மொழிபெயர்ப்பு சரி. கதையில் வரும் கிழவிக்கு அது சரிப்படாது.

நண்பரும் இதை உணர்ந்து, அடுத்து இங்கிலீஷ் பழமொழி அகராதியைப் புரட்டினார். இங்கேதான் பெரிய பள்ளம். பொறுமை என்று தேடினால் ‘பேஷன்ஸ் இஸ் எ வர்ச்சு’ என்று முதலில் வந்து நிற்கும். பொறுமை ஒரு நற்குணமாம். கிழவி கான்வென்ட் சிஸ்டராகிவிட்டாள். அடுத்தது, ரோமாபுரி ஒரே நாளில் கட்டப்படவில்லை. நல்ல பழமொழிதான், ஆனால் அஸ்திவாரம் தோண்டுகிறவனிடம் சொல்லவேண்டியது. நம் பழமொழி சோறு வெந்த பிறகு சொல்லப்படுவது. காத்திருப்பில் தொண்ணூறு சதம் முடிந்து, மிச்சப் பத்தில் அவசரப்படுகிறவனைக் குத்துவது. அந்த ‘கடைசிக் கட்டம்’ போய்விட்டால் பழமொழியில் ஒன்றும் மிஞ்சாது.

நண்பருக்கு ரொம்பப் பிடித்திருந்தது மூன்றாவது: ‘எ வாட்ச்டு பாட் நெவர் பாய்ல்ஸ்.’ பார்த்துக்கொண்டே இருந்தால் பானை கொதிக்காது. ‘இதிலும் பானை இருக்குது சார், அடுப்பு இருக்குது, வேறென்ன வேணும்?’ என்றார். சாமான்கள் ஒன்றாக இருப்பதால் ஏமாறக்கூடாது. அந்தப் பானை இன்னும் கொதிக்கவில்லை, நம்முடையது இறக்கியாகிவிட்டது. அதோடு, தவித்தால் நேரம் நீளமாகத் தெரியும் என்பதுதான் இங்கிலீஷ்காரர் சொல்வது. அதில் ஆறுதல் இருக்கிறது, குத்தல் இல்லை.

ஃபிரெஞ்சில் யோசித்துப் பாருங்களேன் என்றேன். ‘தூ வியான் ஆ புவான் ஆ கி ஸே அதாந்த்ர்’ என்று கடலைப் பார்த்துச் சொன்னார். காத்திருக்கத் தெரிந்தவனுக்கு எல்லாம் வேளையோடு வந்து சேரும். இதற்கு இங்கிலீஷ் தங்கையும் உண்டு: ‘குட் திங்ஸ் கம் டு தோஸ் ஹூ வெயிட்.’ 1990களில் கின்னஸ் பீர்க்காரர்கள் இதையே விளம்பர வாசகமாக வைத்தார்கள். கின்னஸை ஊற்றியதும் குடிக்கக்கூடாது, நுரை அடங்கக் காத்திருக்கவேண்டும். யோசித்தால் இதுவும் ஊற்றப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கும் கதைதான்! (புதுச்சேரியில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.) ஆனால் கிழவி வாயில் வைத்தால் பீர் வாசனை வருகிறது. வேண்டாம்.

நண்பரிடம் சொன்னேன்: பழமொழிக்குப் பழமொழி தேடாதீர்கள். அந்த வேளையில், அந்த உறவில், ஒரு இங்கிலீஷ்காரக் கிழவி மகனிடம் என்ன சொல்வாள்? ‘யூ’வ் வெயிட்டட் டூ இயர்ஸ். வாட்ஸ் ஒன் மோர் வீக்?’ இரண்டு வருஷம் பொறுத்தாய், ஒரு வாரம் என்னடா? இது எந்த அகராதியிலும் பழமொழியாக இருக்காது. ஆனால் கடைசிக் கட்டம் இருக்கிறது, கேள்வி இருக்கிறது, குத்தல் இருக்கிறது.

சரிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கதையைப் படிக்காத ஒருவரிடம் அந்த வரியை மட்டும் கொடுங்கள். யார் யாரிடம், எந்தக் கட்டத்தில் சொல்வது என்று கேளுங்கள். ‘வர்ச்சு’வைக் கொடுத்தால் டீச்சர் என்பார். ‘ஒன் மோர் வீக்’கைக் கொடுத்தால், அலுத்துப்போன பெரியவர் யாரோ, விஷயம் முடியப்போகிறது என்பார். இதற்குமேல் என்ன வேண்டும்?

இந்தச் சோதனை இன்னொரு பழமொழியில் இன்னும் முக்கியம். ‘பொறுத்தார் பூமி ஆள்வார்.’ இதற்கும் கின்னஸ் வாசகத்தையே போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே பொறுத்தல் என்றால் காத்திருத்தல் அல்ல, தாங்குதல். அடியையும் பேச்சையும் வாங்கிக்கொண்டு கோபத்தை விழுங்குதல். தமிழில் ‘பொறு’ இரண்டுக்கும் ஒன்றே. இங்கிலீஷ் ‘பேஷன்ஸ்’ஸும் வேரில் துன்பப்படுதல்தான், ஆஸ்பத்திரி ‘பேஷன்ட்’டும் அதே லத்தீன் குடும்பம். ஆனால் இன்றைய இங்கிலீஷ் காதில் அது க்யூவில் நிற்பதாகத்தான் கேட்கும். மாமியாரிடம் பேச்சு வாங்கி அழுகிற பெண்ணுக்கு அம்மா இந்தப் பழமொழியைச் சொல்கிற கதையில், ‘காத்திருந்தால் நல்லது வரும்’ என்று போட்டால் அவள் என்ன படுகிறாள் என்பதே காணாமல்போகிறது. சாந்த குணமுள்ளவர்களுக்குப் பூமி கிடைக்கும் என்ற பைபிள் வசனம் பூமியைக் கொடுக்கும், ஆனால் அம்மாவைச் சர்ச்சுக்குள் கொண்டுபோய்விடும். ‘பைட் யுவர் டங். யுவர் டே வில் கம்’ என்று போடலாம். நாக்கைக் கடித்துக்கொள், உனக்கும் ஒரு நாள் வரும். பூமி போய்விட்டது, வலி தங்கிவிட்டது. நான் இந்தப் பேரத்துக்குச் சம்மதிப்பேன்.

எல்லா இடத்திலும் இப்படிப் படத்தைத் தூக்கிப்போட முடியாது. ‘கடைசிப் பக்கத்தைப் படியுங்க சார்’ என்று நண்பர் காகிதத்தை நீட்டினார். வியாழக்கிழமை வருவதற்குள் மகன் அவசரப்பட்டு ஆபீஸில் சண்டை போட்டுவிட்டு, ஃபைல் மறுபடி அடியில் போய், ராத்திரி வீட்டுக்கு வருகிறான். கிழவி ஒன்றும் பேசாமல் ஆவி பறக்கிற சோற்றை முன்னால் வைத்துவிட்டுப் போகிறாள். அவன் கை வைக்காமல் உட்கார்ந்திருக்கிறான். கதை முடிந்தது. முதல் பக்கத்தில் ஆக்குவதும் ஆறுவதும் இல்லையென்றால், இந்தத் தட்டு வெறும் தட்டு.

அவ்வளவு நேரம் நான் செய்த உபதேசம் அம்பேல். இருவரும் நடந்துகொண்டே யோசித்தோம். பழைய துறைமுகப் பாலத்துப் பக்கம் வரும்போது அவரே சொன்னார்: ‘யூ வெயிட்டட் ஃபார் இட் டு குக். கான்ட் யூ லெட் இட் கூல்?’ வேகும்வரை இருந்தாயே, ஆறவிட முடியாதா? யாரும் பேசக்கூடிய சின்னச் சின்ன வார்த்தைகள். தமிழில் ஆக்க, ஆற என்று இருக்கிற ஓசை, அங்கே குக், கூல் என்று தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. முதல் நாள் எழுதியதில் இருந்த அதே இரண்டு சொற்கள்தான். அன்றைக்கு அவற்றைச் சுற்றித் தமிழ் இலக்கணம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

‘ஏண்டா’வுக்கு என்ன போட்டார் என்று போன வாரம் ஃபோனில் கேட்டேன். ‘சன்’ என்று போட்டுப் பார்த்தாராம், கிழவி மறுபடி சர்ச்சுக்குப் போய்விட்டாளாம். எடுத்துவிட்டார்.