இன்விசிபிள் இங்க்: காத்திருப்புக்கு விலை வைத்த ஒளிவு ஆட்டம்

இன்விசிபிள் இங்க் என்பது கனடாவின் வான்கூவர் நகரில் இயங்கும் கிளை என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட நிகழ்பட ஆட்டம். பெருநிறுவனங்கள் உலகை ஆளும் ஒரு எதிர்காலத்தில் தோற்று ஓடும் உளவு அமைப்பொன்றை ஆடுபவர் நடத்துகிறார். தொடக்கத்தில் கையில் இருப்பவர்கள் இரண்டு உளவாளிகள் மட்டுமே. கதைக்குள் 72 மணி நேரம் தரப்படுகிறது. அதற்குள் பல கட்டடங்களில் நுழைந்து பணமும் கருவிகளும் திரட்டி இறுதிப் பணிக்கு ஆயத்தமாக வேண்டும். சதுரங்கம் போல ஆடுபவர் ஒரு முறை நகர்த்த, பிறகு காவலர்கள் ஒரு முறை நகர்வார்கள். விரல் வேகம் இங்கே எதையும் தீர்மானிப்பதில்லை.

சண்டை பிடிக்காது, ஆனால் திட்டமிடப் பிடிக்கும் என்பவர்களுக்குப் பொதுவாக முதலில் காட்டப்படும் ஆட்டம் லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் உருவாக்கி 1998இல் வெளிவந்த தீஃப். அந்தப் பெருமைக்கு அது தகுதியானதே. திரையின் கீழே உள்ள ஒளிமணி நாம் எவ்வளவு இருட்டில் நிற்கிறோம் என்று காட்டும். நீர் அம்பு தீப்பந்தத்தை அணைக்கும், பாசி அம்பு ஓசையெழுப்பும் தரையை மெத்தென்று ஆக்கும். மிகக் கடினமான நிலையில் மனிதரைக் கொல்லவே கூடாது. ஆனால் அந்த ஆட்டத்தில் இருட்டு மூலையில் எவ்வளவு நேரம் நின்றாலும் நட்டமில்லை. காவலன் வந்துபோகும் சுற்றை நான்கு முறை பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு ஐந்தாம் முறை நகரலாம். அதனால் பல இடங்களில் திட்டம் என்பது பொறுமையின் மறுபெயராகிவிடுகிறது.

இன்விசிபிள் இங்க் அந்தப் பொறுமைக்கு விலை வைக்கிறது. திரையின் மூலையில் ஒரு அபாய அளவி இருக்கிறது. நாம் எந்தத் தவறும் செய்யாவிட்டாலும் ஒவ்வொரு முறை முடியும்போதும் அது ஒரு கட்டம் ஏறும். ஐந்து கட்டம் நிறைந்தால் அபாயம் ஒரு நிலை உயரும். முதலில் கூடுதல் கேமராக்கள் விழித்துக்கொள்ளும், அடுத்து கருவிகளின் பாதுகாப்புச் சுவர்கள் வலுப்படும், பிறகு புதிய காவலர்கள் கட்டடத்துக்குள் வருவார்கள். எனவே "பாதுகாப்பாக இருக்கிறேனா?" என்ற கேள்வியோடு "இந்த ஒரு முறையை எதற்காகச் செலவிடுகிறேன்?" என்ற கேள்வியும் எப்போதும் கூட வருகிறது. ஆட்டத்தின் உயிர் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

விலை கேட்கும் ஆட்டம் விவரத்தை மறைத்தால் அது சூதாட்டமாகிவிடும். இங்கே அப்படி நடப்பதில்லை. காவலர் நேராகப் பார்க்கும் கட்டங்கள் சிவப்பாகவும், ஓரக்கண்ணில் படும் கட்டங்கள் மஞ்சளாகவும் தரையில் தெரியும். மஞ்சளில் மிதித்தால் அவர் சந்தேகப்பட்டுப் பார்க்க வருவார், சிவப்பில் மிதித்தால் துப்பாக்கியை நீட்டுவார். அப்போதும் உடனே சுடுவதில்லை. அவர் பார்வையிலிருந்து மறைய ஒரு வாய்ப்பு உண்டு. கதவைத் திறக்காமலே எட்டிப் பார்க்கலாம். ஒரு காவலரைக் கூர்ந்து கவனித்தால் அடுத்து அவர் நடக்கப்போகும் வழி கோடாகத் தெரியும். இவற்றுக்கெல்லாம் நடைப் புள்ளிகள் செலவாகும். தெரிந்துகொள்வதற்கும் விலை உண்டு, ஆனால் கட்டினால் கிடைக்கும்.

ஒரு சாதாரண நிலையை எடுத்துக்கொள்வோம். ஓர் அறையின் வடக்குச் சுவரில் பணப்பெட்டி, நடுவில் ஒரு மேசை. ஒரு காவலர் கிழக்கு வாசலுக்கும் மேற்குச் சுவருக்கும் இடையே உலவுகிறார். தெற்குக் கதவுக்கு வெளியே நம் இருவர். அபாய அளவியில் நான்கு கட்டம் நிறைந்திருக்கிறது. இந்த முறை முடிந்தால் நிலை உயர்ந்துவிடும்.

முதல் வழி, பின்னால் சென்று மின்னதிர்ச்சிக் கருவியால் அவரை மயக்குவது. பெட்டி உடனே நம்முடையது. ஆனால் மயக்கம் சில முறைகளில் தெளியும். தெளிந்தவர் பழைய சுற்றுக்குத் திரும்பமாட்டார், எச்சரிக்கையோடு தேடத் தொடங்குவார். நாம் அறிந்திருந்த ஒரு வழித்தடத்தை அழித்துவிட்டு, எங்கே போவார் என்று தெரியாத ஒருவரை உண்டாக்கிவிட்டோம். மயங்கியவர் மேல் ஓர் உளவாளி அமர்ந்திருக்கும் வரை அவர் எழமாட்டார் என்பது உண்மை. ஆனால் இருப்பதே இரண்டு பேர் என்னும்போது அது படையில் பாதி. இரண்டாவது வழி, மேசைக்குப் பின்னால் ஒளிந்து அவரைக் கடந்துபோக விட்டு, அவர் முதுகு திரும்பியதும் பெட்டியை அடைவது. காவலர் எதையும் அறியமாட்டார். ஆனால் ஒரு முறை கூடுதலாகச் செலவாகும், அதற்குள் நிலை உயர்ந்து இன்னும் பார்க்காத அறைகளில் கேமராக்கள் விழித்திருக்கும். மூன்றாவது வழி, பெட்டியை மறந்து வெளியேறும் மின்தூக்கியைத் தேடிப் போவது.

எது சரி என்பது அறைக்குள் இல்லை. மின்தூக்கி இருக்கும் இடம் தெரிந்திருந்தால் முதல் வழி நியாயம், ஏனெனில் அவர் எழுவதற்குள் போய்விடலாம். தெரியாவிட்டால் இரண்டாவதுதான் மலிவு. மயக்குவது வீரமாகத் தோன்றும், உண்மையில் அது கடன் வாங்குவது. புதிதாக ஆடுபவர்கள் தோற்கும் பணிகளைப் பின்னோக்கிப் பார்த்தால் பெரும்பாலும் இப்படித் தேவையில்லாமல் வாங்கிய ஒரு கடனில் போய் நிற்கும்.

கொல்வதும் தடைசெய்யப்படவில்லை. ஆனால் துப்பாக்கிகள் அரிது, குண்டுகள் அதைவிட அரிது, காவலரின் இதயத் துடிப்பு கண்காணிக்கப்படுவதால் அவர் இறந்ததும் அபாய அளவி ஏறும். அறநெறி பேசாமல் கணக்கு போட்டே கொலையை விலக்குவது இந்த ஆட்டத்தின் நேர்த்தி. தீஃப் விதித்த தடையைவிட இது எனக்கு நேர்மையானதாகப் படுகிறது.

குறைகளும் சிறியவை அல்ல. கட்டடங்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக அமைக்கப்படுவதால், சில வேளைகளில் ஒரே ஒரு நடைபாதை, அதன் முனையில் காவலர் என்று அமைந்துவிடும். அங்கே திட்டத்துக்கு இடமில்லை, மயக்கத்தான் வேண்டும். பிற்பகுதியில் கவசம் அணிந்த காவலர்கள் வருகிறார்கள். தொடக்கக் கருவி அவர்கள்மேல் வேலை செய்யாது, கவசம் துளைக்கும் கருவி வேண்டும். அதை வாங்கப் பணம் வேண்டும், பணத்துக்கு இன்னும் பெட்டிகள் திறக்க வேண்டும். முதல் நாளில் மிகவும் தந்திரமாக ஒளிந்து, ஆனால் வெறுங்கையோடு வெளியேறியவர் மூன்றாம் நாளில் அதற்கான தண்டனையை அனுபவிப்பார். ஒளிந்து மட்டுமே ஆட விரும்புபவருக்கு இது கசப்பாக இருக்கும். ஆட்டம் இதை முன்கூட்டிச் சொல்வதும் இல்லை.

இன்னொன்று, நகர்த்திய முறையைத் திரும்பப் பெறும் வசதி. கடினநிலை ஏற ஏற அதன் எண்ணிக்கை குறையும். இதைப் பயன்படுத்துவதை ஏமாற்று என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மேசைக்குப் பின்னால் நின்றால் தெரிவோமா மாட்டோமா என்பதை இரண்டு முறை செய்து பார்த்தால்தான் பலருக்குப் புரியும். முதல் முறை ஆடுபவர் எளிய நிலையில் தொடங்கி அந்த வசதி முழுவதையும் செலவழிப்பது நல்லது. அபாய அளவியை மட்டும் தளர்த்தும் அமைப்பைத் தேடிப் போக வேண்டாம். அதைத் தளர்த்தினால் மிஞ்சுவது மூலையில் நின்று சுற்றுகளை எண்ணும் பழைய ஆட்டம்தான்.