ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய்

2021 ஆகஸ்ட் 9 அன்று, அப்போது மதுரை மத்தியத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் நிதியமைச்சராகவும் இருந்த பழனிவேல் தியாகராஜன், தமிழ்நாட்டின் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். அதில் மக்கள் மனதில் நின்றது ஒரே ஓர் எண்தான்: ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன். நான்கு நாள் கழித்து வந்த திருத்திய பட்ஜெட்டில் பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். அதனால் அரசுக்கு ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்றும் சொன்னார்கள்.

பொருளியலில் இருநூறு ஆண்டாக ஓடும் ஒரு வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. அரசு வரியைக் குறைத்துக் கடன் வாங்கினால், குடும்பங்கள் அந்தப் பணத்தைச் செலவழிக்காது. பின்னால் வரப்போகும் வரிக்காக எடுத்து வைக்கும். ஆகவே பற்றாக்குறையால் மொத்தச் செலவு கூடவும் கூடாது, குறையவும் குறையாது என்பது அந்த வாதம். வித்து டேவிட் ரிக்கார்டோவுடையது. 1974-இல் ராபர்ட் பாரோ அதை முழுக் கோட்பாடாக வளர்த்தார். அதன்படி பார்த்தால், ஸ்கூட்டருக்கு மாதம் 20 லிட்டர் பெட்ரோல் போடும் அண்ணாநகர்க்காரர், மிச்சமாகும் 60 ரூபாயை அப்படியே வங்கியில் போட வேண்டும்.

சிரிப்பதற்கு முன் இதிலுள்ள நியாயத்தைப் பார்த்துவிடுவோம். 2.64 லட்சம் ரூபாய்க்கு 7 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்குச் சுமார் 18,500 ரூபாய், மாதத்துக்கு 1,540. அசலை இன்றே கட்டினாலும், வட்டியைக் காலமெல்லாம் கட்டினாலும் இன்றைய மதிப்பில் இரண்டும் ஒன்றுதான். கடன் வாங்கியதால் செலவு மறைந்துவிடாது, தள்ளிப்போகிறது. மதுரையில் அது அதிக நாள் தள்ளிப்போகவும் இல்லை. வெள்ளை அறிக்கை வந்து எட்டே மாதத்தில், 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது. செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. பற்றாக்குறைக்கு ஒருநாள் பில் வரும் என்ற வரையில் ரிக்கார்டோ சொன்னது பலித்தது.

ஆனால் குடும்பங்கள் அந்தப் பில்லுக்காக முன்கூட்டியே சேமிக்கும் என்பது வேறு கூற்று. ரிக்கார்டோவே அதை நம்பவில்லை. 20,000 பவுண்டு சொத்துள்ள ஒருவரிடம், ஒரே தடவையாக 1,000 பவுண்டு வரி கட்டுவதும் ஆண்டுக்கு 50 பவுண்டு வீதம் என்றென்றும் கட்டுவதும் ஒரே சுமைதான் என்று சொல்லி நம்பவைப்பது கடினம் என 1820-இல் எழுதினார். அவர் சந்தேகப்பட்டதைத்தான் பின்னால் வந்தவர்கள் கோட்பாடாக்கி அவர் பெயரையே சூட்டினார்கள்.

அந்த இடைவெளியை நிரப்பப் பாரோ முன்வைத்த அனுமானம் குடும்பப் பாசம். வரி வருவதற்குள் நான் இறந்துபோனாலும் என் பிள்ளை கட்ட வேண்டியிருக்கும். பிள்ளையின் நலன் என் நலன். ஆகவே அவனுக்காகச் சேர்த்து வைப்பேன். உசிலம்பட்டிப் பக்கம் மொய் நோட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. அப்பா வாங்கிய செய்முறையை அவர் காலத்துக்குப் பிறகு மகன் திருப்பிச் செய்கிறான். அந்தக் கடமையை மனதில் வைத்தே வீட்டில் பணமும் ஒதுக்குகிறார்கள். தலைமுறை தாண்டிக் கணக்குப் பார்ப்பது நம் ஊரில் நடக்காத காரியம் அல்ல. ஆனால் மொய் நோட்டில் பெயர் இருக்கிறது, தொகை இருக்கிறது, திருப்பிச் செய்யாவிட்டால் ஊர் என்ன பேசும் என்பதும் தெரியும். அரசுக் கடனில் யார் பங்கு எவ்வளவு என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. 2,63,976 என்பது மொத்தக் கடனைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்த சராசரி, அவ்வளவே. சொத்து வரி உயர்ந்தபோது 600 சதுர அடிக்குள் வீடு உள்ளவருக்கு 25 விழுக்காடுதான் கூடியது. 1,800 சதுர அடியைத் தாண்டியவருக்கு இரட்டிப்பானது. வாடகை வீட்டுக்காரருக்குப் பில்லே வரவில்லை, வாடகை ஏறியிருந்தால் உண்டு. மகன் பெங்களூருவிலோ சிங்கப்பூரிலோ குடியேறிவிட்டால் தமிழ்நாட்டின் பழைய கடனில் அவனுக்கு ஏறக்குறையப் பங்கே இல்லை. மாநிலக் கடனைப் பொறுத்தவரை பாசக் கணக்கு இங்கேயே அறுந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை இன்னோர் அனுமானத்தில் இருக்கிறது: அரசுக்குக் கிடைக்கும் அதே வட்டியில் குடும்பத்துக்கும் கடன் கிடைக்கும் என்பது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,000 ரூபாய். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு. அதைப் பெறும் ஒரு பெண் செல்லம்பட்டியில் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூணு வட்டி என்றால் மாதத்துக்கு; ஆண்டுக்கு 36 விழுக்காடு. அரசு ஏழரை விழுக்காட்டில் கடன் வாங்கி இந்தத் தொகையைக் கொடுத்தால், ஓராண்டின் 12,000 ரூபாய்க்கு அரசு கட்டும் வட்டி 900. அந்தப் பெண் அதைக் கொண்டு அசலைக் கட்டினால் அவருக்கு ஆண்டுக்கு மிச்சமாகும் வட்டி 4,320. நாளை அந்த 900 ரூபாயும் அவரிடமே வரியாக வந்தால்கூட 3,420 ரூபாய் லாபம். அவருக்கு இன்றைய பணமும் நாளைய வரியும் ஒன்றுக்கொன்று சரிக்குச் சரி ஆகாது.

புள்ளிவிவரம் ஏமாற்றுவதும் இங்கேதான். கடனை அடைப்பதும் தேசியக் கணக்கில் சேமிப்பாகவே பதிவாகும். அரசு பற்றாக்குறையில் பணம் கொடுத்தது, குடும்பத்தின் நிகரச் சேமிப்பு கூடியது, பார்த்தீர்களா பாரோ சொன்னபடியே நடந்துவிட்டது என்று ஒருவர் எழுதலாம். அந்தப் பெண்ணை அப்படிச் செய்யவைத்தது மூணு வட்டி. வருங்கால வரி அவர் நினைப்பிலேயே இல்லை.

நாடு தழுவிய எண்களும் இதே எச்சரிக்கையைத் தருகின்றன. மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை 2019-20-இல் உள்நாட்டு உற்பத்தியில் 4.6 விழுக்காடு, 2020-21-இல் 9.2 விழுக்காடு. அதே ஓராண்டில் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு சுமார் 8-லிருந்து 11.5 விழுக்காட்டுக்கும் மேலே போனது. கோட்பாட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற எண்கள். ஆனால் அந்த ஆண்டு ஜூன் இறுதியில் மதுரைக்கென்றே தனி ஊரடங்கு போட்டிருந்தார்கள். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை திறக்கவில்லை, கல்யாணங்கள் வீட்டுக்குள் முடிந்தன, வேலை நிலைக்குமா என்ற பயம் வேறு. செலவழிக்க வழியில்லாத பணம் கணக்கில் நின்றது. 2022-23-ஐப் பாருங்கள்: பற்றாக்குறை 6.4 விழுக்காடு, கொரோனாவுக்கு முந்தையதைவிட இன்னும் அதிகம். கோட்பாட்டின்படி சேமிப்பும் உயர்ந்தே நின்றிருக்க வேண்டும். அது 5 விழுக்காட்டை ஒட்டி இறங்கி, பல பத்தாண்டுகளில் காணாத தாழ்வைத் தொட்டது. கடை திறந்தது, கடன் எளிதாகக் கிடைத்தது, வீடும் வண்டியும் வாங்கினார்கள். தெற்கு ஆவணி மூல வீதியில் வாங்கும் நகை இந்த நிதிச் சேமிப்புக் கணக்கில் வராது என்பதும் உண்மை. ஆனால் நகை வாங்கியவர் எவரும் மாநிலக் கடனை நினைத்து வாங்கியதாகச் சொல்ல மாட்டார்.

ஆகவே ‘மக்கள் சேமித்துச் சரிக்கட்டிவிடுவார்கள், பற்றாக்குறை வீண்’ என்பவரையும் நான் ஏற்கவில்லை. அதே காரணத்தைக் காட்டி ‘பற்றாக்குறையால் கேடில்லை’ என்பவரையும் ஏற்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி, கடன் வாங்கிய ரூபாய் யார் கைக்குப் போகிறது என்பது. மூணு வட்டிக்காரரிடம் சிக்கியவர் கைக்குப் போனால் அரசுக் கடன் தன் வட்டியைவிட அதிகம் சம்பாதித்துக் கொடுக்கிறது. பெட்ரோல் வரிக் குறைப்பில் அதிகம் பெற்றவர் அதிகம் எரித்தவர். வங்கியே ஒன்பது பத்து விழுக்காட்டில் கார் கடன் கொடுக்கக் காத்திருக்கும் ஆள். கடன் சுமையை வெள்ளை அறிக்கையாக வெளியிட்ட நான்காம் நாள், 1,160 கோடியை அந்த வழியில் விட்டது சரியான முடிவு அல்ல.