பிளந்து காட்டிய வீட்டைப் பார்ப்பது எப்படி?

அடுக்குமாடி விளம்பரப் புத்தகங்களிலும் கட்டடக்கலை இதழ்களிலும் குழந்தைகளுக்கான பெரிய பட நூல்களிலும் ஒரு வகைப் படம் வருகிறது. கட்டடத்தின் முன்சுவர் முழுவதையும் வழித்து எடுத்துவிட்டு, உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் தளங்களையும் அறைகளையும் கட்டில், மேசை, அலமாரிகளையும் ஒரே பார்வையில் காட்டுவார்கள். பார்த்தவுடன் மனம் கட்டிலுக்கும் அலமாரிக்கும் ஓடிவிடும். எங்கே என்ன இருக்கிறது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். இந்தப் படத்தின் உண்மையான ருசி அதற்கும் முந்தைய இடத்தில் இருக்கிறது. வரைந்தவர் தன் கண்ணை எங்கே வைத்தார், கத்தியை எங்கே போட்டார், வெளிச்சத்தை எந்த வழியாக உள்ளே விட்டார் என்ற மூன்று முடிவுகளும் படத்திலேயே பதிந்து கிடக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்துவிட்டால் படம் வேறு மாதிரி பேசத் தொடங்கும்.

இத்தகைய படத்தில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. ஒன்று வெட்டுமுகம். அதாவது கத்தி பட்ட சுவர், தளம், பீம், கூரை ஆகியவற்றின் அறுபட்ட பரப்பு. மற்றொன்று அதற்குப் பின்னால் விரியும் அறைகள். நேர் எதிரே நின்று பார்ப்பதுபோல் வரைந்த படத்தில் வெட்டுமுகம் முழுவதும் ஒரே அளவுவிகிதத்தில் இருக்கும். அதன் மேல் ஸ்கேலை வைத்து எந்தத் தளத்தின் உயரத்தையும் அளந்துகொள்ளலாம். பின்னால் போகப் போகத்தான் எல்லாம் சிறுத்து ஒரு மறைபுள்ளியை நோக்கி ஓடுகின்றன. அளக்கக்கூடிய வரைபடமும் நம்பக்கூடிய காட்சியும் ஒரே தாளில் கைகோத்து நிற்பதுதான் இதன் தனித்தன்மை.

முதலில் கண்ணைத் தேடுங்கள். பின்னால் ஓடும் கோடுகள், அதாவது சுவரும் தரையும் சேரும் விளிம்பு, கட்டிலின் நீளவாட்டு, ஜன்னல் மேல்சட்டம் எல்லாவற்றையும் விரலால் நீட்டிப் பார்த்தால் ஓரிடத்தில் சந்திக்கும். அந்தப் புள்ளியின் மட்டம்தான் கண்மட்டம். அதற்குக் கீழே உள்ள அறைகளில் தரை தெரியும். மேலே உள்ள அறைகளில் கூரையின் அடிப்பக்கம் தெரியும். இது சிறிய விஷயம்போல் தோன்றும். ஆனால் எந்த அறையின் பொருள்கள் நமக்குக் கிடைக்கும், எந்த அறையின் பொருள்கள் காணாமல் போகும் என்பதை முடிவு செய்வது இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று தளங்கள் கொண்ட ஒரு வீடு. ஒரு தரையிலிருந்து அடுத்த தரைக்கு 3 மீட்டர். ஆகவே மேல்தளத்தின் தரை 6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பார்ப்பவர் தெருமட்டத்தில் நிற்கிறார், கண் 1.5 மீட்டரில். வெட்டுமுகத்துக்கும் அவருக்கும் 12 மீட்டர் தூரம். மேல்தளத்தில், வெட்டிலிருந்து 2 மீட்டர் உள்ளே, அரை மீட்டர் உயரக் கட்டில் ஒன்று கிடக்கிறது. 2 மீட்டர் பின்னால் இருக்கும் எதுவும் 14-இல் 12 பங்காகச் சிறுக்கும். கட்டிலின் மேல்பரப்பு கண்மட்டத்துக்கு மேலே 5 மீட்டர். படத்தில் அது சுமார் 4.3 மீட்டராக இறங்கிவிடும். ஆனால் தளத்தின் அறுபட்ட விளிம்போ 4.5 மீட்டரில் அப்படியே நிற்கிறது. ஆகவே கட்டில் முழுசாகத் தளத்துக்குப் பின்னால் மறைந்துபோகும். கட்டிலருகே ஒருவர் நின்றால் முக்கால் மீட்டர் வரை அவரும் மறைவார். இடுப்புக்குச் சற்றுக் கீழிருந்துதான் தெரிவார்.

மேல்மாடி அறைகள் காலியாக, வெறும் கூரையும் மின்விசிறியுமாகத் தெரியும் படங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது இப்போது புரியும். அங்கே பொருள்களை வைக்காமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. கண்ணைக் கீழே வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கண்ணைத் தூக்கி மேல்தளத்தில், 7.5 மீட்டரில் வைத்தால் கதை தலைகீழாகிறது. கட்டில் நன்றாகத் தெரியும். ஆனால் தரைத்தளத்தில் 4 மீட்டர் உள்ளே இருக்கும் பின்சுவரில் 1.3 மீட்டர் உயரம் வரைக்கும்தான் பார்வை எட்டும். 15 சென்டிமீட்டர் கனமுள்ள முதல்மாடித் தளம் மீதியை மறைத்துவிடும். சுவரில் மாட்டிய படங்களும் ஜன்னலின் மேல்பாதியும் போய்விடும். கண்ணை நடுத்தளத்தில், 4.5 மீட்டரில் வைத்தால் மேல்தளக் கட்டிலின் மேல்பாதி வெளியே வரும். தரைத்தளப் பின்சுவரும் 2.3 மீட்டர் வரை தெரியும். இரண்டு பக்கமும் கொஞ்சம் இழந்து இரண்டு பக்கமும் போதுமான அளவு பெறும் இடம் அது. தேர்ந்தவர்கள் பெரும்பாலும் நடுவையொட்டியே கண்ணை வைப்பதற்கு இதுவே காரணம்.

தூரத்தையும் கூட்டலாம். தெருமட்டத்திலேயே கண்ணை வைத்துக்கொண்டு 40 மீட்டர் தள்ளிப் போனால் அதே கட்டிலின் மேல்பாதி தெரிந்துவிடும். ஆனால் 4 மீட்டர் ஆழமுள்ள அறையின் பின்சுவர் 12 மீட்டர் தூரத்தில் முக்கால் பங்காகத் தெரிந்தது, 40 மீட்டரில் 11-இல் 10 பங்காகத் தெரியும். பொருள்கள் கிடைத்தன, ஆழம் போயிற்று. அறைக்குள் நுழைந்துவிடலாம் என்ற உணர்வு அந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. மிக நெருங்கி வைத்த கண்ணோ ஓரத்து அறைகளை இழுத்துக் கோணலாக்கிவிடும். ஓரத்தில் இருக்கும் நாற்காலி அகன்று, ஒருபக்கம் சாய்ந்து தெரிந்தால் கண் அளவுக்கு மீறிக் கிட்டே இருக்கிறது என்று பொருள்.

இப்படிப்பட்ட படத்தின் மீது எனக்குப் பெரும் பிரமிப்பை ஏற்படுத்தியவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பால் ருடால்ஃப். நியூ ஹேவனில் யேல் பல்கலைக்கழகத்துக்காக அவர் வடிவமைத்த கலை, கட்டடக்கலைப் பள்ளியின் கட்டடம் 1963-இல் திறக்கப்பட்டது. அதற்குள் 37 மட்டங்கள் இருப்பதாகக் கணக்குச் சொல்வார்கள். இரண்டு படி ஏறினால் ஒரு தரை, நாலு படி இறங்கினால் இன்னொன்று. தளத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே வரைந்த வரைபடங்களைப் பார்த்து இந்தக் கட்டடத்தைப் புரிந்துகொள்வது மிகக் கடினம். அவருடைய வெட்டுத்தோற்றப் படத்தில் அது சட்டென்று விளங்குகிறது. ஒரு தரையின் விளிம்பில் விரலை வைத்து, அங்கிருந்து பார்வை எந்தக் கூடத்துக்குள் இறங்குகிறது, எதிரே எந்த மட்டம் எட்டிப் பார்க்கிறது என்று பின்தொடருங்கள். வண்ணம் கிடையாது. மைக்கோடுகளை நெருக்கியும் தளர்த்தியும் போட்டே நிழலைக் கொண்டுவருகிறார். அந்தக் கட்டடத்தின் கான்கிரீட் சுவர்களில் ஓடும் செங்குத்து வரிகளே அவருடைய கோட்டுமுறையின் சாயல் என்று கட்டடக்கலை எழுத்தாளர்கள் சொல்வதுண்டு. படத்தையும் சுவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒப்புக்கொள்ளத் தோன்றும்.

அடுத்தது கத்தி. வெட்டு எந்த வழியாகப் போகிறது? மாடிப்படிக்கட்டைத் தொடாமல் போன வெட்டு பாதி வீணான வெட்டு. ஏனெனில் தளங்களை ஒன்றோடொன்று இணைப்பது அதுதான். ஆனால் படிக்கட்டும் கூடமும் எப்போதும் ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை. அதனால் வெட்டை நடுவில் ஓரிடத்தில் மடக்கி, சற்றுப் பின்னாலோ முன்னாலோ நகர்த்திக்கொள்வது பழைய வழக்கம். தூணை நீளவாட்டில் பிளக்க மாட்டார்கள். பிளந்தால் அது சுவர்போல் தெரிந்து ஏமாற்றும். வீட்டுப் பொருள்களையும் அறுப்பதில்லை. வெட்டின் பாதையில் ஒரு சோபா இருந்தால் அதைச் சற்று உள்ளே தள்ளுவார்கள், அல்லது முழுசாக விட்டுவிடுவார்கள். பாதியாக அறுந்த சோபா கண்ணில் பட்டால், கணினி வெட்டியதை மனிதர் திரும்பிப் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

அறுபட்ட பரப்பை எப்படி நிரப்பியிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். கணினி மாதிரியில் சுவர் என்பது உள்ளே ஒன்றுமில்லாத மெல்லிய தோல். வெறுமனே வெட்டினால் வெற்றுக்கூடு தெரியும். அதை ஒரே வண்ணத்தால் அடைத்தால்தான் சுவருக்குக் கனம் வரும். வெளிச்சுவர் 23 சென்டிமீட்டர், உள்தடுப்பு அதில் பாதி என்ற வேறுபாடு படத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். எல்லாச் சுவர்களும் ஒரே கனத்தில் இருந்தால் அதை வரைந்தவர் கட்டடத்தைக் கட்டிப் பார்த்து வரையவில்லை. அடித்தளமும் அதைச் சுற்றிய மண்ணும் சேர்ந்து அறுபட்டிருந்தால் அது நல்ல அறிகுறி.

நிஜம்போல் தோன்றச் செய்யும் ரெண்டரிங் படங்களில் மிக நுட்பமான இடம் வெளிச்சம். சுவரை உண்மையாகவே நீக்கிவிட்டால் அந்தப் பெரிய திறப்பு வழியாக வானத்து வெளிச்சம் கொட்டும். அறைகள் எல்லாம் ஒரே சீராக வெளுத்துப்போகும், ஜன்னலுக்கு வேலையே இருக்காது. இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. கேமராவுக்கு மட்டும் சுவர் இல்லை, வெளிச்சத்துக்குச் சுவர் இருக்கிறது என்று கணினியிடம் சொல்லிவிடலாம். வி-ரே மென்பொருளின் வெட்டுக்கருவியில் இதற்கென்றே `Camera rays only` என்று ஒரு தேர்வு இருக்கிறது. பிளெண்டரில் சைக்கிள்ஸ் முறையில் கேமராவின் `Clip Start` தூரத்தைச் சுவர் தாண்டும் அளவுக்குக் கூட்டினாலும் இதே விளைவு கிடைக்கும். ஆனால் அங்கே அறுபட்ட இடம் நிரம்பாமல் வெற்றுக்கூடாகவே நிற்கும். அதைத் தனியாக அடைக்க வேண்டும். இந்த வகையில் செய்த படத்தில் ஜன்னலருகே தரையில் வெயில் விழுந்திருக்கும், அறையின் மூலைகள் இருண்டிருக்கும், மாடிப்படியின் அடியில் நிழல் தேங்கியிருக்கும். அந்த வீட்டில் காலை பத்து மணிக்கு எந்த அறையில் விளக்குப் போட வேண்டியிருக்கும் என்பதைக்கூட அதைப் பார்த்துச் சொல்லலாம்.

வெளிச்சமே இல்லாமல், மெல்லிய கோடுகளால் மட்டும் இவ்வளவையும் சாதித்தவர்களும் இருக்கிறார்கள். டோக்கியோவின் அட்லியே பாவ்-வாவ் அலுவலகம் 2007-இல் வெளியிட்ட ‘கிராஃபிக் அனாட்டமி’ நூலில் அவர்கள் கட்டிய வீடுகள் இப்படித்தான் பிளந்து காட்டப்பட்டிருக்கின்றன. வெட்டுமுகத்தில் அளவுகளும் கட்டுமானப் பொருள்களின் பெயர்களும் எழுதியிருக்கும். பின்னால் அறைகளில் மனிதர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய சொந்தக் கட்டடத்தில் கீழே அலுவலகம், மேலே வீடு. ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு அரைமாடி ஏற்றத்தில் திறந்து கிடக்கிறது. அந்தப் படத்தில் புத்தக அலமாரியின் பலகை எவ்வளவு கனம் என்பதைக் கண்ணால் அளந்துவிட்டு, அப்படியே படி ஏறி அடுத்த தளத்துக்குப் போய், அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எதிரே ஜன்னலில் என்ன தெரியும் என்று பாருங்கள்.