ஆடுகளத்து வரவேற்புரை: மூன்று மரபுகளும் ஒரு தரமும்

பள்ளிகளுக்கிடையே சதுரங்கம், கேரம், வினாடி வினா நடக்கும் நாளில் ஒலிவாங்கியை முதலில் பிடிப்பவர் மன்றத்தின் மாணவத் தலைவர்தான். நம் பள்ளிகளில் அந்த வரவேற்புரை மூன்று மரபுகளிலிருந்து உருவாகி வந்திருக்கிறது.

முதலாவது மேடைத் தமிழ் மரபு. 1847-இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தொடங்கிய பிரசங்கங்கள், திரு.வி.க.வின் தொழிற்சங்கப் பேச்சுகள், அண்ணாவின் அடுக்குமொழி என வளர்ந்த வழி அது. அவையில் இருப்போரை ஒவ்வொருவராக விளித்துப் பெருமைப்படுத்துவது அதன் அழகு. அதன் ஆபத்தும் அங்கேதான். ‘அவர்களே’ என்று பன்னிரண்டு பேரை அடைமொழியோடு விளித்து முடிப்பதற்குள் உரைக்குரிய நேரமே தீர்ந்துவிடும். வந்திருக்கும் பிள்ளைகளோ ‘மாணவச் செல்வங்களே’ என்ற ஒற்றைச் சொல்லில் கடைசியில் அடங்கிவிடுவார்கள்.

இரண்டாவது ஆங்கிலப் பள்ளி மன்றங்களின் மரபு. உரை சுருக்கமாக இருக்கும். பங்கேற்கும் பள்ளிகளை அகர வரிசையில் சொல்வதால் யாருக்கும் முன்பின் என்ற மனக்குறை வராது. இதைத் தமிழ் மேடை தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மனப்பாடம் செய்த ஆங்கிலத்திலேயே உரை முழுவதும் போனால், தமிழ்வழியில் படிக்கும் விருந்தினர் அணிக்கு வரவேற்பு எட்டுவதில்லை.

மூன்றாவது ஆடுகள மரபு. போட்டி தொடங்கும் முன் நடுவர் நின்று விதிகளைச் சொல்லும் வழக்கத்திலிருந்து வந்தது. இதில் அலங்காரம் கிடையாது. ஆனால் பலகை விளையாட்டு நாளுக்கு உயிரானது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. வேற்றுப் பள்ளியில் வந்து உட்காரும் பிள்ளைக்கு, அங்கே எந்த விதிப்படி ஆடுகிறார்கள் என்று தெரிவிப்பதே முதல் உபசாரம்.

கேரத்தைப் பாருங்கள். வீட்டில் கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50 என்று ஆடிப் பழகியிருப்பார்கள். யாரும் எந்தக் காயையும் போடலாம். சங்க விதியில் அவரவர் நிறத்தை மட்டுமே போட வேண்டும். சிவப்புக்கு 3 புள்ளிதான், அதற்கும் ஃபாலோ போட்டாக வேண்டும். முதலில் 25 புள்ளி எடுப்பவர், அல்லது எட்டு போர்டு முடிவில் முன்னிலையில் இருப்பவர் வெற்றி பெறுவார். ‘இன்று சங்க விதிப்படி ஆட்டம்’ என்ற ஒரே வரி, பாதி ஆட்டத்தில் எழும் சண்டையைத் தடுத்துவிடும்.

சதுரங்கத்தில் தொட்ட காயை நகர்த்த வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஐயம் வந்தால் கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரை அழைக்கலாம் என்பது புதிய பிள்ளைகளுக்குத் தெரியாது. கூச்சத்தில் நேரத்தை ஓடவிட்டுத் தோற்பார்கள். வினாடி வினாவில் தவறான விடைக்குப் புள்ளி குறையுமா, விடை தெரியாத கேள்வி அடுத்த அணிக்குப் போகுமா, அணியில் யார் சொல்வது இறுதி விடை என்ற மூன்றையும் சொன்னால் போதும். நுணுக்கமான விதிகளை நடுவருக்கும் வினா நடத்துநருக்கும் விட்டுவிட வேண்டும். தலைவர் ஒன்று சொல்லி நடுவர் வேறொன்று சொன்னால் அரங்கம் குழம்பும். ஆகவே உரையை முதல் நாளே அவர்களிடம் காட்டிவிடுவது நல்லது.

உரை ஏன் நீளக் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு. 32 பேர், சுவிஸ் முறையில் ஐந்து சுற்று, ஆளுக்குப் பத்து நிமிடமும் நகர்வுக்கு ஐந்து விநாடியும் என்று வைத்துக்கொள்வோம். அறுபது நகர்வு ஆடினால் ஒருவருக்குப் பதினைந்து நிமிடம், இருவருக்கும் சேர்த்து அரை மணி. முடிவு எழுதி அடுத்த இணைகளைப் போடப் பத்து நிமிடம். ஆக, ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிடம் வேண்டும். ஒன்பதரைக்குத் தொடங்கினால் 12.50-க்கு முடிந்து சாப்பிடப் போகலாம். தொடக்க விழா நாற்பது நிமிடம் இழுத்தால் ஒரு சுற்றையே வெட்ட நேரும். ஐந்து சுற்றில் எல்லா ஆட்டமும் வென்றவர் ஒருவருக்கு மேல் இருக்க முடியாது. நான்கு சுற்றோடு நிறுத்தினால் தோல்வியே காணாத இருவர் எஞ்சலாம். ஒருவரோடொருவர் மோதாமலே, எதிராளிகளின் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து, அவர்களில் ஒருவரிடமிருந்து கோப்பை பறிபோகும்.

எனவே மூன்று நிமிடம் என்பதே என் அளவு. தலைமையாசிரியருக்கும் சிறப்பு விருந்தினருக்கும் நடுவர்களுக்கும் தனித்தனி விளி, மற்றோருக்கு ஒரே விளியாக அரை நிமிடம். பள்ளிகளின் பெயர்களுக்கு ஒரு நிமிடம். உச்சரிப்பை அந்தந்தப் பள்ளி ஆசிரியரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். எஞ்சிய ஒன்றரை நிமிடம் விதி, இடம், சாப்பாட்டு நேரம், உதவிக்கு நிற்கும் மாணவர்கள் ஆகியவற்றுக்கு. விளியில் மேடைத் தமிழின் மரியாதை, பெயர் வரிசையில் ஆங்கில மன்றத்தின் நடுநிலை, விதியில் ஆடுகளத்தின் தெளிவு என மூன்று மரபும் இதில் ஒன்று சேரும்.

உரை தேறியதா என்று பார்க்க, வெளியூர்ப் பள்ளியின் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: உன் மேசை எங்கே? எந்த விதியில் ஆடப்போகிறாய்? தகராறு வந்தால் யாரைக் கூப்பிடுவாய்? மூன்றுக்கும் அந்தப் பிள்ளை விடை சொன்னால், அன்றைய தலைவர் நன்றாகப் பேசியிருக்கிறார்.