பெயருக்குக் கீழே நான்கு வரிகள்

யாழ்ப்பாணத்துத் துறையொன்றும் தமிழ்நாட்டுத் துறையொன்றும் சேர்ந்து கருத்தரங்கு நடத்தும்போது, அழைப்பு மின்னஞ்சலின் உள்ளடக்கத்தைப் பலர் படித்துத் திருத்துகிறார்கள். அடியில் உள்ள கையொப்பப் பகுதியை மட்டும் யாரும் படிப்பதில்லை. பதில் எழுதுபவரும் தொலைபேசியில் கூப்பிடுபவரும் நம்பி எடுப்பது அந்த நான்கு வரிகளைத்தான்.

பெயரின் முன்னால் வரும் பட்டத்தில் தொடங்கலாம். முனைவர் பட்டம் பெற்றவர் தமிழ்நாட்டில் ‘முனைவர்’, இலங்கையில் ‘கலாநிதி’. அவரவர் நாட்டு வழக்கை அப்படியே விட்டுவிட வேண்டும். ஒரே அழைப்பில் இரண்டும் இருப்பது பிழையல்ல. பெயருக்கு முன் ‘முனைவர்’ என்று போட்டு, பின்னால் ‘எம்.ஏ., எம்.ஃபில்., பிஎச்.டி.’ என்று அடுக்குவது தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சாதாரணம். ஒரே பட்டம் இருமுறை வருவதால் ஒன்றை எடுத்துவிடலாம். இலங்கையில் பட்டத்தின் பக்கத்தில் அதைத் தந்த பல்கலைக்கழகத்தை அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். அது தகவல் என்பதால் இடம் போதாதபோதும் நான் அதை வெட்டமாட்டேன். ‘திருமதி’, ‘செல்வி’ போன்றவற்றை அவரவர் விருப்பப்படியே விட வேண்டும். நாமாகச் சேர்ப்பதும் நீக்குவதும் தவறு.

பதவிப் பெயரில்தான் உண்மையான சேதம் நடக்கிறது. தமிழ்நாட்டில் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று படிகள் ஏறும். இலங்கையில் விரிவுரையாளர் (தகுதிகாண்) நிலையில் தொடங்கி, விரிவுரையாளர், முதுநிலை விரிவுரையாளர் தரம் II, தரம் I என்று போய்ப் பேராசிரியரை அடைகிறார்கள். இரண்டு ஏணிகளுக்கும் படிக்குப் படி பொருத்தம் கிடையாது. முதுநிலை விரிவுரையாளர் ஒருவரை, தமிழ்நாட்டில் உள்ளவர்களுக்குப் புரியட்டும் என்று ‘இணைப் பேராசிரியர்’ ஆக்கினால், அவருக்கு இல்லாத பதவியை அவர் பெயரிலேயே அனுப்பியதாகிவிடும். தரத்தைக் குறிக்கும் I, II என்ற எண்ணையும் வடிவமைப்பாளர்கள் தேவையற்றதென்று எடுத்துவிடுவதுண்டு. அது போனால் ஒரு பதவி உயர்வே மறைந்துபோகும்.

தலைமைப் பதவியில் இன்னொரு சிக்கல் உண்டு. இலங்கையில் 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டப்படி துறைத்தலைவர் நியமனம் மூன்று ஆண்டுகளுக்கு. காலம் முடிந்தும் பழைய கையொப்பம் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். தற்காலிகமாகப் பார்ப்பவரை அங்கே ‘பதில் துறைத்தலைவர்’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் ‘துறைத்தலைவர் (பொறுப்பு)’. கடிதத் தாளைப் பார்த்தோ சென்ற ஆண்டு அழைப்பைப் பார்த்தோ இதைச் சரிபார்க்க முடியாது. நியமனக் கடிதத்தில் உள்ள சொல்லையே கேட்டு வாங்க வேண்டும்.

தொலைபேசி எண்ணை எப்போதும் விரல்விட்டு எண்ண வேண்டும், கண்ணால் பார்த்தால் போதாது. +91க்குப் பின் பத்து இலக்கம். +94க்குப் பின் ஒன்பது. நாட்டுக்குள் அழைக்கும்போது முன்னால் போடும் சுழியம் நாட்டுக் குறியீடு வந்ததும் போய்விட வேண்டும். பத்து இலக்கத்துக்குப் பழகிய தமிழ்நாட்டுக் கண்ணுக்கு +94 021 222 xxxx நிறைவாகத் தெரியும், ஏனென்றால் +94க்குப் பின்னால் பத்து இலக்கம் இருக்கிறது. அந்தப் பத்தில் ஒன்று அகற்ற வேண்டிய சுழியம். சரியானது +94 21 222 xxxx. ஒன்பதுக்குப் பழகிய யாழ்ப்பாணத்துக் கண்ணோ, இலக்கம் ஒன்று விடுபட்ட இந்தியக் கைப்பேசி எண்ணைத் தயங்காமல் கடந்துவிடும். பிழை இரண்டு பக்கமும் பழக்கத்திலிருந்தே வருகிறது. அதனால் இலங்கை எண்ணைத் தமிழ்நாட்டில் ஒருவரும், இந்திய எண்ணை யாழ்ப்பாணத்தில் ஒருவரும் மட்டும் பார்த்து முடிப்பது போதாது. எண்ணுக்குரிய நாட்டிலேயே ஒருவர் பார்க்க வேண்டும்.

இடைவெளி விடும் இடமும் வேறு. இலங்கையில் பிரதேசக் குறியீடு இரண்டிலக்கம், எண் ஏழிலக்கம். எங்கும் ஒரே அளவு. இந்தியாவில் சென்னைக்கு 44, பின் எட்டிலக்கம். மதுரைக்கு 452, பின் ஏழு. சிதம்பரத்துக்கு 4144, பின் ஆறு. யாழ்ப்பாண வார்ப்புருவில் சிதம்பரத்து எண்ணைப் போட்டால் +91 41 44xx xxxx என்று பிரிந்து நிற்கும். வெளிநாட்டிலிருந்து அழைத்தால் இடைவெளி எதையும் கெடுக்காது. உள்ளூர்க்காரர் குறியீட்டை விட்டுவிட்டு மீதியை அழைக்கும்போதுதான் எட்டிலக்கத்தைப் பார்த்துத் திகைப்பார்.

கடைசியாக ஒன்று. சக ஊழியரின் கையொப்பத்தை நகலெடுத்து எழுத்தை மட்டும் மாற்றியிருந்தால், திரையில் புதிய எண் தெரியும். அதன் அடியில் உள்ள இணைப்பில் பழைய எண்ணே இருக்கும்.

```
<a href="tel:+914423xxxxxx">+94 21 222 xxxx</a>
```

கைப்பேசியில் இதைத் தொட்டால் அழைப்பு சென்னைக்குப் போகும். அச்செடுத்துப் பார்த்தாலும், நகலெடுத்து ஒட்டிப் பார்த்தாலும் பிழை தெரியாது. தனக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, கைப்பேசியில் அந்த எண்ணைத் தொட்டு, அழைக்கும் முன் திரையில் வரும் இலக்கங்களைக் கையொப்பத்தோடு ஒப்பிட்டால் உடனே அகப்படும்.