மக்காமில் எந்த மீம் மூல எழுத்து?

கண்டி நகரில் மீரா மக்காம் பள்ளிவாசல் இருக்கிறது. அந்தப் பெயரின் பிற்பாதி அரபியில் மீம், காஃப், அலிஃப், மீம் என்று நாலே எழுத்து. ஓதத் தொடங்கிய பிள்ளை அதன் பொருளைத் தேடி அரபு அகராதியில் மீம் பகுதியைப் புரட்டினால் கிடைக்காது. பழைய முறை அகராதிகள் சொற்களை அவற்றின் மூல எழுத்துகளின் கீழ்தான் அடுக்கியிருக்கும். மக்காம் இருப்பது காஃப்-வாவ்-மீம் என்ற மூலத்தில். தலையில் நின்ற மீம் போய்விட்டது, நடுவில் இல்லாத வாவ் வந்துவிட்டது. ஹுன்னஸ்கிரியவிலிருந்து அக்குறணைக்கு ஓத வரும் பிள்ளையானாலும், பஸ்ராவில் பிறந்து வளர்ந்த பிள்ளையானாலும், ஸர்ஃபு பாடத்தில் முதலில் தடுக்கி விழும் இடம் இது.

இதற்கு இலக்கண ஆசிரியர்கள் வைத்திருக்கும் ஊன்றுகோல் ஒரே ஒரு சொல்: ஸஅல்துமூனீஹா. 'அதைப் பற்றி என்னிடம் கேட்டீர்கள்' என்று பொருள். அதற்குள் ஸீன், ஹம்ஸா, லாம், தா, மீம், வாவ், நூன், யா, ஹா, அலிஃப் என்று பத்து எழுத்துகள் இருக்கின்றன. மூலத்தோடு வெளியிலிருந்து வந்து ஒட்டும் எழுத்து இந்தப் பத்தில் ஒன்றாகத்தான் இருக்கும். எட்டாம் நூற்றாண்டில் ஸீபவைஹி தமது 'கிதாப்' நூலிலேயே பத்தையும் பட்டியலிட்டுவிட்டார். அதை மனத்தில் நிறுத்தும் சூத்திரச் சொற்கள்தான் பல. மாணவர் ஒருவர் இந்த எழுத்துகள் எவை என்று ஆசிரியரிடம் கேட்டாராம். "ஸஅல்துமூனீஹா" என்றார் ஆசிரியர். முன்பே கேட்டாயே என்கிறார் போலும் என்று எண்ணி, "நான் கேட்கவில்லையே" என்றார் மாணவர். "அல்யவ்ம தன்ஸாஹு" என்றார் ஆசிரியர். 'இன்று அதை மறந்துபோகிறாய்' என்பது அதன் பொருள். "மறக்கவில்லை" என்று மாணவர் முறையிட, "இரண்டு தடவை பதில் சொல்லிவிட்டேனே" என்றாராம். இரண்டு வாசகத்திலும் அதே பத்து எழுத்துகள்தான். பஸ்ராவின் மாஸினியைப் பற்றியும் இதே சாயலில் ஒரு கதை உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இப்னு மாலிக், பத்து எழுத்துகளும் நான்கு முறை முழுமையாக வரும்படி ஒரே அடியில் பாட்டே கட்டினார். விளையாட்டு என்றாலும் ரசிக்கத்தக்க விளையாட்டு.

சூத்திரம் எளிது, அதைப் பிடிக்கும் பக்கத்தில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். பத்தில் ஒன்று கண்ணில் பட்டதும் அதை வெட்டிவிடுகிறார்கள். மக்காமில் அப்படி வெட்டினால் காஃப் மட்டும்தான் மிஞ்சும். சூத்திரம் உறுதியாகச் சொல்வது வெளியே நிற்கும் எழுத்துகளைப் பற்றித்தான்: பத்தில் இல்லாத எழுத்து பொதுவாக மூல எழுத்து, அதைத் தொடாதே. பத்தில் உள்ள எழுத்து சந்தேகத்துக்குரியது, அவ்வளவுதான். தீர்ப்பை வேறு சாட்சிகளைக் கொண்டுதான் எழுத வேண்டும்.

முதல் சாட்சி சொல்லின் உறவினர்கள். இகாமத், கியாமத், 'சமுதாயம்' என்று பொருள்படும் கவ்ம் ஆகியவற்றை மக்காமின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் காஃபும் கடைசி மீமும் அசையாமல் நிற்கின்றன. தலை மீம் மக்காமில் மட்டும் இருக்கிறது. எனவே அது வந்து சேர்ந்தது. நடு எழுத்து ஒன்றில் அலிஃப், ஒன்றில் யா, ஒன்றில் வாவ் என்று வேடம் மாற்றுகிறது. அரபு வினைகளிலும் வேற்றுமை ஏற்கும் பெயர்களிலும் அலிஃப் மூல எழுத்தாகவே இருப்பதில்லை. ஒன்று அது சேர்க்கப்பட்டது, இல்லையேல் வாவோ யாவோ திரிந்தது. மூலத்துக்குக் குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்பதால், இங்கே அது திரிந்த வாவ். மக்வம் என்று நிற்க வேண்டியதுதான் மக்காம் ஆயிற்று. நிற்கும் இடம் என்பதே அதன் பொருள். இடத்தைக் குறிக்கும் 'மஃப்அல்' வாய்பாட்டில் அது சரியாகப் பொருந்துகிறது.

இரண்டாவது சாட்சி, எழுத்து நிற்கும் இடம். ரமழான் என்ற சொல்லில் ராவும் ழாதும் பத்துக்கு வெளியே. மூன்றாவது மூல எழுத்து மீமா, நூனா? மீம் சேர்வதென்றால் வழக்கமாகச் சொல்லின் தலையில் சேரும். நடுவில் சேர்வது மிக அரிது. நூனோ, மூன்று மூல எழுத்துகளுக்குப் பின் அலிஃபோடு கைகோத்துக் கடைசியில் வருவதில் பேர்போனது. உஸ்மான் என்ற பெயரிலும் அப்படித்தான். ஆகவே மூலம் ரா-மீம்-ழாத், கடும் வெப்பத்தைக் குறிப்பது. அகராதியைத் திறக்கும் முன்பே விடை கையில் வந்துவிடுகிறது.

சூத்திரம் நம்மை நேராகக் குழிக்குள் இறக்கிவிடும் சொல்லும் உண்டு: முஸ்தஃபா. அதில் மீம், ஸாத், தடித்த தா, ஃபா, கடைசியில் அலிஃபாக ஒலிக்கும் யா வடிவம். பத்துக்கு வெளியே நிற்பவை சரியாக மூன்று. ஸாத், தடித்த தா, ஃபா என்று மூலம் கிடைத்துவிட்டதாக மாணவன் மகிழ்ந்து தேடுவான். இந்தச் சொல் அங்கே இருக்காது. 'இஃப்தஅல' வாய்பாட்டில் முதல் மூல எழுத்தை அடுத்து மெல்லிய தா ஒன்று சேரும். அந்த மூல எழுத்து ஸாத் போன்ற தடித்த எழுத்தானால், அதன் பக்கத்தில் நாக்கு மெல்லிய தாவைச் சொல்லத் தயங்கும், தாவும் தடித்துவிடும். பட்டியலில் உள்ள எழுத்துதான் வேறு முகத்தோடு நிற்கிறது. அதை நீக்கினால் ஸாதும் ஃபாவும்தான் மூல எழுத்துகளாக மிஞ்சும். கடைசி அலிஃப் திரிந்த வாவ். ஸாத்-ஃபா-வாவ் என்ற மூலத்தில் தெளிவு, தேர்வு என்ற பொருள்கள் பொதிந்திருக்கின்றன. ஹஜ்ஜில் தொங்கோட்டம் தொடங்கும் ஸஃபா குன்றின் பெயரையும் அகராதிகள் இதே மூலத்தின் கீழ் வைக்கின்றன. ஆகவே ஸாத், ழாத் போன்ற தடித்த எழுத்தின் பின்னால் தடித்த தாவைக் கண்டால், அதை மூலமென்று எண்ணுமுன் ஒருமுறை நிதானிக்க வேண்டும். ஸா எழுத்தின் பின்னால் வரும் தாலும் இப்படித்தான்: நெரிசலைக் குறிக்கும் இஸ்திஹாமில் உள்ள தால், உருமாறிய தாதான்.

எழுத்து இரட்டிப்பதிலும் சூத்திரத்துக்கு அதிகாரமில்லை. முஅத்தினில் இரண்டு தால். தால் பட்டியலிலேயே இல்லை, ஆனாலும் ஒன்று கூடுதல். தலை மீமையும் ஒரு தாலையும் நீக்கினால், அதானில் உள்ள ஹம்ஸா-தால்-நூன் கிடைக்கும்.

சில சொற்களில் ஆசிரியர்களே ஒத்துப்போகவில்லை. ஷைத்தானில் ஷீனும் தாவும் நிச்சயம்; மூன்றாவது யாவா, நூனா? நூன் மூலமென்றால் 'தூரமாதல்', யா மூலமென்றால் 'எரிதல்' என்று பொருள் போகும். ஸீபவைஹி இரண்டுக்கும் வழி விட்டார். அதிலிருந்து பிறந்த 'தஷைதன' என்ற வினையில் நூன் விழாமல் நிற்பதால், நூனே மூலம் என்ற கட்சிதான் எனக்கு வலுவாகத் தெரிகிறது. பட்டியலைப் பற்றியே பிணக்கு உண்டு. மாஸினியின் மாணவர் முபர்ரத், ஹாவைப் பத்திலிருந்து நீக்கிவிட்டார். உம்மு என்பதன் பன்மையான உம்மஹாத்தில் வரும் ஹா கூடுதல்தானே என்று மற்றவர்கள் அவரை மறித்தார்கள். ஹா சேரும் சொற்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால், நடைமுறையில் இந்தச் சண்டையால் மாணவனுக்கு நட்டமில்லை.

தேடிய மூலம் அகராதியில் கிடைக்கவில்லை என்றால் புத்தகத்தைக் குறை சொல்லாதீர்கள். அலிஃபின் இடத்தில் வாவை வைத்துப் பாருங்கள், பிறகு யாவை. அதிலும் இல்லையென்றால் ஏதாவது ஒரு தா முகம் மாற்றி நிற்கிறதா என்று பாருங்கள். தொடக்கநிலைப் பாடத்தில் வரும் சொற்களில் பெரும்பாலானவை இந்த மூன்று முயற்சிக்குள் அகப்பட்டுவிடும்.