நான்கு மேலே, நான்கு கீழே

வழக்கமான சராசரியின் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பட்டியலில் ஒரே ஓர் எண் தாறுமாறாக இருந்தால் போதும், சராசரி முழுவதும் அதன் பக்கம் சாய்ந்துவிடும். இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது கத்தரித்த சராசரி. எண்களை ஏறுவரிசையில் அடுக்கி, இரு முனைகளிலும் குறிப்பிட்ட பங்கை வெட்டிவிட்டு, மீந்தவற்றுக்கு மட்டும் சராசரி காண்பது. இந்த மருந்து எதுவரை வேலை செய்யும் என்பதற்கு லண்டனின் லைபார் வட்டி விகிதத்தைவிட நல்ல சாட்சி கிடையாது.

உலகெங்கும் கடன்களும் நிதி ஒப்பந்தங்களும் பல பத்தாண்டுகள் இந்த விகிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றன. அதைக் கணக்கிட்ட முறை எளிமையானது. டாலர் லைபாருக்கு, 2008 நெருக்கடிக் காலத்தில், 16 வங்கிகள் தினமும் காலையில் ஒரு விகிதத்தைச் சொல்லும்: மற்ற வங்கிகளிடம் இன்று கடன் கேட்டால் எங்களுக்கு எவ்வளவு வட்டிக்குக் கிடைக்கும் என்று. மேலே நான்கு, கீழே நான்கு தள்ளப்படும். நடுவில் உள்ள எட்டின் சராசரியே அன்றைய லைபார்.

ஒரு கற்பனைக் காலையை எடுத்துக்கொள்வோம். வங்கிகள் 2.00, 2.01, 2.02 என்று 0.01 இடைவெளியில் 2.15 வரை சொல்கின்றன. வழக்கமான சராசரியும் கத்தரித்த சராசரியும் ஒன்றுதான்: 2.075. இப்போது 2.10 சொல்லவேண்டிய வங்கி 9.10 என்று சொல்லிவிடுகிறது. விரல் தவறியதோ, வேண்டுமென்றோ. வழக்கமான சராசரி 2.51க்குத் தாவுகிறது. கத்தரித்ததோ 2.0775இல் நிற்கிறது. அந்த வங்கி 9.10 என்ன, 90 என்று சொல்லியிருந்தாலும் அதே 2.0775தான். மேலே நான்கு வங்கிகள் சேர்ந்து 9 என்று சொன்னாலும் நான்கும் வெட்டுப்பட்டுப் போகும். ஐந்தாவது ஒன்று சேர்ந்தால்தான் அணை உடையும்: நடுவில் ஒரு 9 நுழைந்து விகிதம் 2.94 ஆகிவிடும். கால் பங்கு வரை பொய்யைத் தாங்கும் என்பது இந்த முறையின் உண்மையான பலம், அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் அந்த 2.075 ஏன் 2.0775 ஆயிற்று? வெட்டிவிட்ட எண்ணுக்கு எந்தச் செல்வாக்கும் இல்லை என்றே பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. நடுவில் இருந்த வங்கி மேலே தாவியதும், மேலே தள்ளப்பட்டிருந்த 2.12 அதன் காலியிடத்துக்கு இறங்கிவிட்டது. பொய்யின் அளவு வெட்டப்பட்டது, திசை வெட்டப்படவில்லை. அடியில் 2.00 சொல்லவேண்டிய வங்கி உச்சிக்குத் தாவினால் விளைவு இன்னும் பெரிது. 2.04 கீழே வெட்டுக்குள் போகும், 2.12 உள்ளே வரும், விகிதம் 2.085 ஆகும். வெறும் 0.01 ஏற்றம்தான். ஆனால் நூறு கோடி டாலர் மதிப்புள்ள மூன்று மாத ஒப்பந்தத்தில் அது 25,000 டாலர். அத்தகைய ஒப்பந்தங்களைக் கட்டுக்கட்டாக வைத்திருந்த வணிகர்களுக்கு 9 என்று கூச்சலிடும் தேவையே இருக்கவில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளு என்று தங்கள் வங்கியின் விகிதத்தைச் சொல்பவரிடம் கேட்டுக்கொண்டார்கள். 2012 ஜூனில் பார்க்லேஸ் வங்கிக்கு பிரிட்டன், அமெரிக்க அமைப்புகள் அபராதம் விதித்தபோது வெளிவந்த கதை இதுதான்.

இதைவிட ஆழமான ஓட்டை நெருக்கடியின்போது தெரிந்தது. அதிக வட்டி சொன்னால் "இந்த வங்கி தள்ளாடுகிறது" என்று செய்தி வரும், ஏனெனில் ஒவ்வொரு வங்கியும் சொன்ன எண் அன்றே வெளியிடப்படும். எனவே எண்கள் தாழ்த்திச் சொல்லப்பட்டன. பார்க்லேஸில் மேலிடமே அப்படித் தாழ்த்தச் சொன்னதும் விசாரணையில் பதிவாயிற்று. எல்லோரும் ஒரே பக்கம் சாயும்போது நடுவே சாய்ந்துவிடுகிறது. அப்போது உண்மையைச் சொல்லும் வங்கிதான் விலகிய எண்ணாகத் தெரியும், கத்தரிக்கோலும் அதைத்தான் முதலில் வெட்டும். நடுவில் இருப்பது நம்பத்தக்கது என்பது கத்தரித்த சராசரியின் அனுமானம். அந்த அனுமானத்தைச் சோதிக்கும் வழி அதனிடமே இல்லை.

வெட்டும் அளவிலும் ஒரு பேரம் உண்டு. நேர்மையான நாளில் 16 வங்கிகளில் எட்டின் தகவலைத் தூக்கி எறிகிறோம். அதோடு, எண்கள் ஒரு பக்கம் நீண்ட வால் உள்ளவையாக இருந்தால் இரு முனையிலும் சமமாக வெட்டுவது முடிவைக் கோணலாக்கும். அமெரிக்காவின் டல்லாஸ் மத்திய வங்கி விலைவாசியைக் கணக்கிடும்போது கீழே 24 சதவீதம், மேலே 31 சதவீதம் என்று ஏற்றத்தாழ்வாக வெட்டுவது இதனால்தான்.

டாலர் லைபாருக்கான வங்கிப் பட்டியல் 2023 ஜூன் 30உடன் முடிவுக்கு வந்தது. அதன் இடத்துக்கு வந்த சோஃபர் விகிதமும் முனைகளுக்கு அசையாத ஓர் அளவைத்தான், தொகைக்கேற்ப எடையிட்ட இடைநிலையைத்தான், பயன்படுத்துகிறது. மாறியது உள்ளே போகும் எண்கள்: வங்கிகள் கிடைக்கும் என்று சொன்ன வட்டிக்குப் பதிலாக, முந்தைய நாள் பணம் கைமாறிய வட்டி.